இரண்டு சராசரிகளின் வித்தியாசம்: சேர்த்துக் கணக்கிடுவதா, தனித்தனியாகவா?

இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஓரிடத்தில் ஒரு தேர்வு காத்திருக்கும். SPSS இரண்டு வரிகளை அச்சிட்டு எதை எடுப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடும். எக்செலில் `T.TEST` எழுதும்போது கடைசி இடத்தில் 2 போடுவதா 3 போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். R நம்மைக் கேட்காமலேயே ஒரு முறையை எடுத்துக்கொள்ளும். பைத்தானின் `scipy.stats.ttest_ind` அதற்கு நேரெதிரான முறையை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே தரவை இரண்டு பேர் இரண்டு மென்பொருளில் போட்டால் விடை வேறாக வரும். இருவரும் தவறு எதுவும் செய்திருக்க மாட்டார்கள்.

விடை வேறாவதற்குக் காரணம் திட்டப்பிழை. சராசரிகளின் வித்தியாசத்தை எல்லோரும் ஒரே மாதிரிதான் கணக்கிடுகிறார்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு ஆடக்கூடியது என்பதைக் கணக்கிடும் இடத்தில்தான் வழி பிரிகிறது. இரு குழுக்களின் சிதறலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே எண்ணாக்குவது ஒரு வழி. இதைச் சேர்த்த முறை என்போம். குழுவுக்குக் குழு தனியாக வைத்துக் கணக்கிடுவது இன்னொரு வழி. இது தனி முறை, வெல்ச் முறை என்றும் பெயர்.

R-உடன் வரும் `mtcars` தரவை எடுத்துக்கொள்வோம். 1974ஆம் ஆண்டு மோட்டார் டிரெண்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரம் அது. அதில் 19 கார்கள் ஆட்டோமேட்டிக் கியர், 13 கார்கள் மேனுவல். மைலேஜ், அதாவது கேலனுக்கு எத்தனை மைல் என்பது, ஆட்டோமேட்டிக்கில் சராசரி 17.15, திட்ட விலக்கம் 3.83. மேனுவலில் சராசரி 24.39, திட்ட விலக்கம் 6.17. வித்தியாசம் 7.24 மைல். மேனுவல் குழு சிறியது, ஆனால் சிதறல் அதில்தான் அதிகம். இந்தச் சேர்க்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை முழுக்க அதில்தான் இருக்கிறது.

இந்த 7.24 ஒரே ஒரு முறை எடுத்த மாதிரியில் கிடைத்தது. இதே போல வேறு 19 கார்களும் வேறு 13 கார்களும் எடுத்திருந்தால் 5 வந்திருக்கலாம், 9 வந்திருக்கலாம். மாதிரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டே போனால் ஒரு பரவல் உருவாகும். மாதிரிச் சராசரிகளின் வித்தியாசத்துக்கான மாதிரிப் பரவல் என்பது அதுதான். அதன் மையம், முழுமைத் தொகுதிகளின் உண்மையான வித்தியாசம். அதன் திட்ட விலக்கத்தைத்தான் திட்டப்பிழை என்கிறோம். மூலத் தரவு மணி வடிவில் இருந்தால் இந்தப் பரவலும் மணி வடிவம். இல்லாவிட்டாலும் குழுக்கள் ஓரளவு பெரிதாக இருந்தால் மணி வடிவத்தை நெருங்கிவிடும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சராசரிகளைக் கழிக்கிறோம், ஆனால் பரவற்படிகளைக் கூட்டுகிறோம். பரவற்படி என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கம். ஒரு சராசரி தற்செயலாக மேலே போயிருக்கலாம், மற்றது தற்செயலாகக் கீழே வந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டும். இரண்டும் ஒரே பக்கம் ஆடினால் அந்த ஆட்டம் கழிந்துபோகும். குழுக்கள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் இந்த இரண்டில் எதுவும் மற்றதைவிட அடிக்கடி நடக்காது, அதனால் பரவற்படிகள் கூடுதல் குறைவில்லாமல் அப்படியே கூடும்:

```
SE = sqrt( s1^2/n1 + s2^2/n2 )
```

இதுதான் தனி முறையின் சூத்திரம். SE திட்டப்பிழை, s ஒரு குழுவின் திட்ட விலக்கம், n அந்தக் குழுவின் எண்ணிக்கை. காருக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டோமேட்டிக்கின் பரவற்படி 14.70, அதை 19ஆல் வகுத்தால் 0.77. மேனுவலின் பரவற்படி 38.03, அதை 13ஆல் வகுத்தால் 2.93. கூட்டினால் 3.70, வர்க்கமூலம் 1.92. ஆக, 7.24 என்ற வித்தியாசத்தின் திட்டப்பிழை 1.92 மைல். இரு குழுக்களின் திட்டப்பிழைகளையும் (0.88, 1.71) நேராகக் கூட்டி 2.59 என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அது தேவைக்கு மேல் பெரிய எண். வர்க்கமாக்கிக் கூட்டி அப்புறம்தான் மூலம் எடுக்க வேண்டும்.

சேர்த்த முறை இதில் ஓர் அனுமானத்தைக் கூடுதலாக வைக்கிறது: இரண்டு தொகுதிகளின் உண்மையான சிதறலும் ஒன்றே. அப்படியானால் 14.70, 38.03 இரண்டும் ஒரே எண்ணின் இரண்டு மதிப்பீடுகள்தான். இரண்டையும் குழுவின் அளவுக்கு ஏற்ப எடை கொடுத்துச் சராசரி எடுத்துவிடலாம்:

```
sp^2 = ( (n1-1)*s1^2 + (n2-1)*s2^2 ) / (n1 + n2 - 2)
SE   = sqrt( sp^2 * (1/n1 + 1/n2) )
```

இந்த வழிக்கு நல்ல பரம்பரை உண்டு. டப்ளினில் கினஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் சிறிய மாதிரிகளுக்கான பரவலை வெளியிட்டார். அதை இரண்டு குழுக்களின் ஒப்பீட்டுக்கு நீட்டியவர் ரொனால்ட் ஃபிஷர். சிதறல் சமம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக முடிகிறது: தரவு மணி வடிவில் இருந்தால் விடை தோராயம் இல்லை, துல்லியமானது. கையால் கணக்குப் போட்ட காலத்தில் அது பெரிய வசதி. பாடப்புத்தகங்களில் இந்த முறை முதலில் வருவதற்கும் அந்த வசதிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

காருக்கு இந்த முறையில் சேர்த்த பரவற்படி 24.03, திட்டப்பிழை 1.76. தனி முறையில் 1.92 வந்தது. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் சேர்த்த முறை ஏன் குறைவாகச் சொன்னது என்று பார்த்தால் அதன் உள்வேலை தெரிந்துவிடும்.

எடைகளில் இருக்கும் ‘கழித்தல் ஒன்று’களை மட்டும் மறந்துவிட்டு மேலே உள்ள சேர்த்த சூத்திரத்தைச் சுருக்கிப் பாருங்கள். பள்ளி அல்ஜீப்ரா போதும். கிடைப்பது இது:

```
SE^2 ≈ s1^2/n2 + s2^2/n1
```

கீழே உள்ள எண்கள் இடம் மாறியிருக்கின்றன! முதல் குழுவின் சிதறலை இரண்டாம் குழுவின் எண்ணிக்கையால் வகுக்கிறது, இரண்டாம் குழுவின் சிதறலை முதல் குழுவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. காரில் சரிபார்ப்போம்: 14.70ஐ 13ஆல் வகுத்தால் 1.13, 38.03ஐ 19ஆல் வகுத்தால் 2.00, கூட்டல் 3.13, மூலம் 1.77. சேர்த்த முறை தந்த 1.76க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதாவது, சிதறல் அதிகமான மேனுவல் கார்களில் நம்மிடம் இருப்பது 13தான். சேர்த்த முறையோ நம்மிடம் 19 மேனுவல் கார்கள் இருப்பது போலக் கணக்கெழுதுகிறது. இல்லாத ஆறு காரின் பலம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது.

இதிலிருந்து எப்போது எந்தப் பக்கம் பிழை போகும் என்பதைச் சூத்திரமே இல்லாமல் சொல்லிவிடலாம். சிறிய குழுவில் சிதறல் அதிகம் என்றால், சேர்த்த முறை திட்டப்பிழையைக் குறைத்துக் காட்டும். இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும். பெரிய குழுவில் சிதறல் அதிகம் என்றால் திட்டப்பிழையைக் கூட்டிக் காட்டும்; இருக்கிற வித்தியாசத்தையும் பார்க்காமல் விட்டுவிடும். குழுக்கள் சம அளவு என்றால் இடம் மாற்றினாலும் ஒன்றுதான். இரு முறைகளின் திட்டப்பிழையும் அச்சாக ஒரே எண்.

எவ்வளவு மோசமாகப் போகலாம் என்று பார்க்கக் கொஞ்சம் கடுமையான ஓர் உதாரணம். இரு தொகுதிகளின் சராசரியும் 50, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லை. ஒன்றில் 40 பேர், திட்ட விலக்கம் 5. மற்றதில் 10 பேர், திட்ட விலக்கம் 15. R-இல் ஓட்டிப் பார்க்கலாம்:

```r
p <- replicate(10000, {
  a <- rnorm(40, 50, 5)
  b <- rnorm(10, 50, 15)
  c(t.test(a, b, var.equal = TRUE)$p.value,
    t.test(a, b)$p.value)
})
rowMeans(p < 0.05)
```

உண்மையான திட்டப்பிழை இங்கே 4.81. சேர்த்த முறை சராசரியாக 2.8ஐ ஒட்டிய எண்ணைத் தருகிறது. விளைவு: 5 விழுக்காடு தடவைதான் பொய் எச்சரிக்கை வர வேண்டிய சோதனை, ஏறத்தாழ நான்கு தடவைக்கு ஒரு தடவை பொய் சொல்கிறது. தனி முறை 5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். இப்போது விலக்கங்களை மட்டும் மாற்றி, 40 பேர் குழுவுக்கு 15, 10 பேர் குழுவுக்கு 5 என்று வைத்து ஓட்டுங்கள். சேர்த்த முறையின் பொய் எச்சரிக்கை ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு என்று இறங்கிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையான வித்தியாசம் வந்து நின்றாலும் அந்தச் சோதனைக்குக் கண் தெரியாது.

சரி, தனி முறைக்கு விலை எதுவும் இல்லையா? உண்டு. சிதறல் சமம் என்ற அனுமானத்தை எடுத்துவிட்டால், வித்தியாசத்தைத் திட்டப்பிழையால் வகுத்து வரும் எண் எந்தப் பரவலைப் பின்பற்றுகிறது என்பதற்குச் சுத்தமான விடை கிடையாது. பெரன்ஸ்–ஃபிஷர் சிக்கல் என்று இதற்குப் பெயர். புள்ளியியலில் நெடுநாள் சச்சரவு அது. நடைமுறைக்கு உதவும் தோராயத்தை சாட்டர்த்வைட் 1946இலும் வெல்ச் 1947இலும் கொடுத்தார்கள். ஸ்டூடன்ட் பரவலையே வைத்துக்கொண்டு, திரையில் `df` என்று வரும் எண்ணைத் தரவிலிருந்தே கணக்கிடுவது அந்த வழி. R-இல் `df` தசமப் புள்ளியோடு வருவதைப் பார்த்து மாணவர்கள் மிரள்வது இதனால்தான்.

கார் தரவில் சேர்த்த முறையின் `df` 30. தனி முறையின் `df` 18.33. திட்டப்பிழையின் பெரும்பகுதி 13 மேனுவல் கார்களிலிருந்து வருவதால், நம்பகத்தன்மையும் அந்தச் சிறிய குழுவைப் பார்த்தே கீழே இறங்குகிறது. இந்த எண் சிறிய குழுவின் எண்ணிக்கையில் ஒன்று கழித்ததற்குக் கீழே (இங்கே 12) போகாது, இரு குழுக்களின் கூட்டலில் இரண்டு கழித்ததற்கு மேலேயும் (30) போகாது. கையில் கால்குலேட்டர் மட்டும் இருந்தால் 12ஐ எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். கொஞ்சம் அதிக எச்சரிக்கைதான், தவறு இல்லை.

முடிவில் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி சேர்த்த முறையில் 3.64 முதல் 10.85 வரை, தனி முறையில் 3.21 முதல் 11.28 வரை. இந்தத் தரவில் எந்த முறையில் போனாலும் மேனுவல் முன்னேதான். ஆனால் p மதிப்பு 0.0003இலிருந்து 0.0014க்கு, ஏறத்தாழ ஐந்து மடங்கு நகர்கிறது. வித்தியாசம் 4 மைல் என்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சேர்த்த முறையின் இடைவெளி பூஜ்யத்தைத் தொடாமல் தப்பியிருக்கும், தனி முறையின் இடைவெளி மயிரிழையில் பூஜ்யத்தைத் தாண்டியிருக்கும்.

‘முதலில் சிதறல் சமமா என்று சோதித்துவிட்டு, சமம் என்றால் சேர்ப்போம், இல்லை என்றால் தனியாகப் போடுவோம்’ என்பது மூன்றாவது வழி. SPSS அந்த இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் லெவீன் சோதனையின் விடையையும் வைத்திருப்பதால், இதுதான் முறை என்று பல வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் கார்களையே பாருங்கள். பரவற்படிகளின் விகிதம் 2.6 மடங்கு. பரவற்படிகளை ஒப்பிடும் வழக்கமான F சோதனையில் p மதிப்பு 0.067 வருகிறது. 0.05க்கு மேலே இருப்பதால் ‘சமம்’ என்று எழுதிவிட்டுச் சேர்த்த முறைக்குப் போய்விடுவார்கள். சோதனை சொன்னது சமம் என்று அல்ல. 32 கார்களை வைத்துக்கொண்டு வேறு என்று நிரூபிக்க முடியவில்லை என்றுதான். மாதிரி சிறிதாக இருக்கும்போதுதான் நமக்கு எச்சரிக்கை தேவை, அப்போதுதான் இந்தச் சோதனைக்குப் பலம் இல்லை. அது போக, F சோதனை மணி வடிவத்திலிருந்து தரவு கொஞ்சம் விலகினாலே தடுமாறும். சராசரிகளின் சோதனை அந்த அளவுக்குத் தடுமாறாது. ஜார்ஜ் பாக்ஸ் 1953லேயே இதைக் கிண்டல் செய்தார்: பெரிய கப்பல் புறப்படும் அளவுக்குக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கத் துடுப்புப் படகை அனுப்புவது போல என்றார்.

அப்படியானால் சேர்த்த முறைக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் மூன்றே அளவீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வகங்களில் இது சகஜம். அப்போது தனி முறையின் `df` 2 வரை இறங்கலாம். நம்பிக்கை இடைவெளிக்குப் பெருக்க வேண்டிய எண் 2.78இலிருந்து 4.30 ஆகிவிடும். ஒரே கருவி, ஒரே கைவேலை, சிதறல் கருவியிலிருந்து மட்டும் வருகிறது என்று முன் அனுபவத்தில் தெரிந்திருந்தால் அங்கே சேர்ப்பது நியாயம். குலுக்கல் முறையில் ஒரே கூட்டத்தை இரண்டாகப் பிரித்த பரிசோதனையிலும் நியாயம் உண்டு: மருந்துக்கு எந்த விளைவும் இல்லை என்றால் சராசரி மட்டும் இல்லை, சிதறலும் மாறியிருக்கக் காரணம் இல்லை. ஆனால் விளைவு எவ்வளவு என்று இடைவெளி கொடுக்கும்போது அந்த வாதம் நிற்காது. சிலருக்குக் கேட்டு சிலருக்குக் கேட்காத மருந்து, சராசரியோடு சிதறலையும் சேர்த்தே மாற்றிவிடும்.

இந்த இடங்களைத் தவிர்த்தால் தனி முறையைத்தான் எடுப்பேன். சிதறல் உண்மையிலேயே சமமாக இருந்து நாம் தனி முறையைப் பிடித்தால் இழப்பது `df`-இல் கொஞ்சம். குழுவுக்குப் பத்துப் பேர் இருந்தால் பெருக்கும் எண் 2.10க்குப் பதில் அதிகபட்சம் 2.26. சிதறல் சமமாக இல்லாமல் நாம் சேர்த்த முறையைப் பிடித்தால் இழப்பு எவ்வளவு போகும் என்பதை மேலே பார்த்தோம்.

தேர்வு கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். `lm(mpg ~ am, data = mtcars)` என்று ரிக்ரெஷன் ஓட்டினால், கியர் வகையைக் குறிக்கும் `am`-க்கு எதிரே வரும் திட்டப்பிழை 1.764. சேர்த்த முறையின் எண் அதேதான். சாதாரண ரிக்ரெஷன் எல்லாக் குழுவுக்கும் ஒரே சிதறல் என்று வைத்துக்கொள்வதால் இப்படி. ஒரே அறிக்கையில் ஓரிடத்தில் `t.test`, இன்னோரிடத்தில் `lm` பயன்படுத்திவிட்டு எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தரவு இன்னும் சேகரிக்கப்படவில்லை என்றால் திட்டப்பிழைச் சூத்திரம் வேறு விதத்திலும் உதவும். ஆட்டோமேட்டிக் கார்களை 19க்குப் பதில் 1900 எடுத்தாலும் திட்டப்பிழை 1.71க்குக் கீழே இறங்காது. மேனுவலின் பங்கு அப்படியே நிற்கிறது. மொத்தம் 32தான் முடியும் என்றால் சிதறலின் விகிதத்தில் பிரிப்பது நல்லது: 12 ஆட்டோமேட்டிக், 20 மேனுவல். திட்டப்பிழை 1.92இலிருந்து 1.77க்கு வரும், செலவில்லாமல். சிதறல் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியாதபோது சரிபாதியாகப் பிரித்துவிடலாம். இங்கே 16, 16 என்று எடுத்தால் 1.82. சரிபாதியில் இன்னொரு லாபம், முறைகளுக்கு இடையிலான சண்டையே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டு முறைக்கும் அடியில் ஒரு நிபந்தனை கிடக்கிறது: அளவீடுகள் ஒன்றையொன்று சாரக்கூடாது. ஒரே காரை இரண்டு வகைப் பெட்ரோலில் ஓட்டி அளந்தால் அது ஜோடித் தரவு, அங்கே இந்த இரண்டு சூத்திரமும் பொருந்தாது. ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் எடுத்து அதன் சிதறலைப் பார்க்க வேண்டும். நம் கார்ப் பட்டியலிலேயே நெருடல் இருக்கிறது. 19 ஆட்டோமேட்டிக் கார்களில் ஏழு மெர்சிடிஸ். 450SE, 450SL, 450SLC மூன்றும் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள், மைலேஜும் 16.4, 17.3, 15.2 என்று அருகருகே. அவற்றை மூன்று தனிச் சாட்சிகளாக எண்ணுவது கொஞ்சம் தாராளம்தான், அதனால் ஆட்டோமேட்டிக் குழுவின் 0.88 என்ற திட்டப்பிழையே குறைவாக இருக்கலாம். மேலும், அந்த ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரி எடை 3,770 பவுண்டு, மேனுவல் கார்களுடையது 2,410. அந்த 7.24 மைலில் எவ்வளவு கியரால், எவ்வளவு எடையால் என்பதை 1.76ம் சொல்லாது, 1.92ம் சொல்லாது.